வீட்டு டியூஷன் கட்டணமும் 50 சதவீதக் கணக்கும்: ஒரு நிகழ்வு ஆய்வு

திருச்சியில் வீட்டிலேயே பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவர், 2024-25 நிதியாண்டுக்கான வருமான வரிப் படிவத்தைத் தானே நிரப்பித் தாக்கல் செய்திருந்தார். ஐடிஆர்-4 படிவம், வரவில் பாதியை வருமானமாகக் காட்ட விடும் 44ஏடிஏ பிரிவு. கட்ட வேண்டிய வரி பூஜ்யம் என்றும், ஏற்கெனவே டிடிஎஸ்ஸாகப் பிடித்த 24,000 ரூபாய் முழுவதும் ரீஃபண்டாக வரும் என்றும் படிவம் காட்டியது. பணம் வரவில்லை. நவம்பரில் என்னிடம் வந்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: "சார், ரீஃபண்ட் ஏன் நிக்குது?"

அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றி, தொகைகளை முழு எண்களாக்கியிருக்கிறேன். வீட்டில் டியூஷன் எடுக்கும் பலர் இதே வழியில்தான் கணக்குப் போடுகிறார்கள் என்பதால் ஒவ்வொரு அடியாகப் பார்ப்போம்.

படிவத்தில் இருந்தது என்ன

முதலில் அவருடைய உண்மையான வரவைச் சொல்லிவிடுகிறேன். 38 மாணவர்கள், ஆளுக்கு மாதம் 2,000 ரூபாய், வருடத்தில் 10 மாதம். மொத்தம் 7,60,000 ரூபாய். இதில் 6,10,000 ரூபாய் ஜிபே, வங்கிப் பரிமாற்றம் வழியாக வந்தது. மீதி 1,50,000 ரூபாய் பெற்றோர் கையில் கொடுத்த ரொக்கம். இது போக, ஓர் ஆன்லைன் பயிற்சி நிறுவனத்துக்கு வாரக் கடைசியில் வகுப்பு எடுக்கிறார். அங்கே ஆண்டுக்கு 2,40,000 ரூபாய். அந்த நிறுவனம் 194ஜே பிரிவில் 10 சதவீதம், அதாவது 24,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டு 2,16,000 ரூபாயைக் கணக்கில் போட்டது.

படிவத்தில் மொத்த வரவு என்று அவர் எழுதியிருந்த தொகை 6,76,000 ரூபாய். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒரு நோட்டைத் திருப்பிக் காட்டினார். வங்கிக்கு வந்த 6,10,000, ஆன்லைன் நிறுவனத்திலிருந்து வந்த 2,16,000, ஆக 8,26,000. இதிலிருந்து செலவு 1,50,000 கழித்திருக்கிறார்: வீட்டு வாடகையில் ஒரு பங்கு 60,000, மின்சாரமும் இணையமும் 24,000, ஜெராக்ஸ், பேப்பர் 30,000, விடைத்தாள் திருத்தித் தரும் கல்லூரி மாணவிக்கு 36,000. மீதி 6,76,000. அதில் பாதி 3,38,000 வருமானம். புதிய வரி முறையில் 7 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரியை முழுவதும் நீக்கிவிடும் 87ஏ தள்ளுபடி இருந்த ஆண்டு அது. ஆகவே வரி பூஜ்யம்.

செலவை ஏன் வரவிலேயே கழித்தார்? ஐடிஆர்-4 படிவத்தில் இந்தத் திட்டத்துக்குச் செலவு எழுத ஒரு கட்டம்கூடக் கிடையாது. மொத்த வரவு ஒரு கட்டம், அதில் 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் வருமானம் இன்னொரு கட்டம், அவ்வளவுதான். பாதிக்குக் குறைவாக எழுதினால் படிவம் ஏற்காது. செலவு உண்மையாகவே ஆகியிருக்கிறது, எழுத இடம் இல்லை, எனவே வரவிலேயே கழித்துவிடுவோம் என்று முடிவு செய்திருக்கிறார். அவர் மனதில் ஏமாற்றும் எண்ணம் எதுவும் இல்லை. நோட்டில் எல்லாம் எழுதி வைத்திருந்ததே அதற்குச் சாட்சி. ஆனால் கட்டம் இல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதைத்தான் அவர் தவறவிட்டார்.

செலவு ஏற்கெனவே கழிந்துவிட்டது

இந்த வகைத் திட்டங்களைப் பிரிசம்ப்டிவ் திட்டம் என்கிறோம். வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று சட்டமே ஊகித்துக்கொள்கிறது. 50 சதவீதத்தை வருமானமாகக் காட்டச் சொன்னால், மீதி 50 சதவீதம் செலவு என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது என்று பொருள். 30 முதல் 38 வரையிலான பிரிவுகளில் வரும் எல்லாக் கழிவும், வாடகை, பழுதுபார்ப்பு, தேய்மானம், சம்பளம், இதர செலவு என அத்தனையும், முழுமையாகக் கொடுக்கப்பட்டதாகவே கருதப்படும் என்று சட்டம் நேரடியாகச் சொல்கிறது. அந்த ஆசிரியை ஜெராக்ஸ் செலவைத் தனியாகக் கழித்தபோது, ஒரே செலவை இரண்டு முறை கழித்துவிட்டார்.

தேய்மானத்திலும் இதே கதைதான், அங்கே பாதிப்பு பின்னால் தெரியும். அவர் 2024 ஜூனில் 40,000 ரூபாய்க்கு மடிக்கணினி வாங்கியிருந்தார். பிரிசம்ப்டிவ் திட்டத்தில் இருந்தால் தேய்மானம் தனியாகக் கிடையாது. ஆனால் ஒவ்வொரு வருடமும் தேய்மானம் எடுத்ததாகவே வைத்துக் கணினியின் மதிப்பைக் குறைத்துக்கொண்டு போக வேண்டும். இரண்டு வருடம் கழித்து சாதாரணக் கணக்குக்கு மாறினால், 40,000 ரூபாயிலிருந்து ஆரம்பிக்க முடியாது.

மொத்த வரவு என்பதிலும் இரண்டு பிசகு இருந்தது. ரொக்கமாக வாங்கிய 1,50,000 ரூபாயை அவர் சேர்க்கவே இல்லை. வங்கியில் போடாத பணம் கணக்கில் வராது என்று நினைத்திருக்கிறார். அடுத்து, ஆன்லைன் நிறுவனத்திடமிருந்து கைக்கு வந்த 2,16,000 ரூபாயை எழுதியிருக்கிறார். பிடித்த 24,000 ரூபாயும் அவருடைய வருமானம்தான். அவருக்காக அரசிடம் கட்டப்பட்டிருக்கிறது. அந்த 24,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டுவிட்டு, அதை வரவாகக் காட்டாமல் விட முடியாது. பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையிலும், நம் ஆண்டு வரவுகளைத் துறை திரட்டிக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையிலும் நிறுவனம் கொடுத்ததாகத் தெரிவது 2,40,000 ரூபாய்தான். தாக்கல் செய்வதற்கு முன் இந்த இரண்டையும் திறந்து பார்த்தாலே போதும், இந்த வித்தியாசம் கண்ணில் பட்டுவிடும்.

ஆக, சரியான மொத்த வரவு 10,00,000 ரூபாய்.

டியூஷன் எந்தப் பட்டியலில் வருகிறது

சரி, 10 லட்சம் என்று எழுதி, பாதியை 5 லட்சம் வருமானமாகக் காட்டிவிட்டால் போதுமா? அப்போதும் வரி பூஜ்யம்தான், 24,000 ரூபாயும் திரும்பக் கிடைக்கும். அவரும் அதைத்தான் கேட்டார். இங்கேதான் பெரும்பாலோர் கவனிக்காத ஒன்று இருக்கிறது.

50 சதவீதத் திட்டமான 44ஏடிஏ எல்லாத் தொழில்முறையாளருக்கும் பொதுவானதில்லை. 44ஏஏ பிரிவின் முதல் உட்பிரிவில் பெயர் சொல்லியிருக்கும் தொழில்களுக்கு மட்டும்தான். சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டிடக்கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் ஆகியவை சட்டத்திலேயே இருக்கின்றன. திரைக்கலைஞர், கம்பெனி செக்ரட்டரி, தகவல் தொழில்நுட்பம் போன்ற சில, அறிவிக்கை வழியாகச் சேர்ந்தவை. கற்பித்தல் இந்தப் பட்டியலில் இல்லை. ஆசிரியப் பணி ஒரு மதிப்பான தொழில் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, ஆனால் வரிச் சட்டம் இங்கே பார்ப்பது பட்டியலை மட்டும்தான்.

அவருடைய படிவத்தில் தொழில் குறியீடு என்ன என்று பார்த்தேன். 44ஏடிஏ பகுதியில் டியூஷன் என்று எதுவும் கிடைக்காததால், பக்கத்தில் வருவதாகத் தோன்றிய பொறியியல், தொழில்நுட்ப ஆலோசனையைத் தேர்ந்திருந்தார். கணிதம் தொழில்நுட்பப் பாடம்தானே என்பது அவர் வாதம். தொழில்நுட்ப ஆலோசனை என்றால் ஒரு வாடிக்கையாளரின் பிரச்சினைக்கு நிபுணராக ஆலோசனை சொல்வது. வகையீட்டுக் கணிதத்தைப் பலகையில் எழுதிப் புரியவைப்பதை அந்தச் சொல்லுக்குள் திணிக்க முடியாது. கேள்வி வந்தால் இந்த வாதம் நிற்கும் என்று நான் நம்பவில்லை.

"ஆனா சார், கம்பெனிக்காரங்க 194ஜேல தானே பிடிச்சிருக்காங்க? அப்போ நான் புரொபஷனல்தானே?" என்றார். நியாயமான கேள்விதான். பணம் கொடுப்பவர் எந்தப் பிரிவில் டிடிஎஸ் பிடிக்கிறார் என்பது அவருடைய பொறுப்பு, அவருடைய முடிவு. நாம் எந்தத் திட்டத்துக்குத் தகுதி என்பதை அது தீர்மானிக்காது. 194ஜே பிரிவில் தொழில்முறைச் சேவையோடு தொழில்நுட்பச் சேவை போன்றவையும் அடக்கம். அந்த எண்ணை வைத்து 44ஏடிஏ பட்டியலுக்குள் நுழைந்துவிட முடியாது.

இதனால் அவருடைய கட்டணம் தொழில்முறை வருமானம் என்ற தலைப்பை விட்டு வெளியே போய்விடாது. பட்டியலில் இல்லாத தொழிலும் தொழில்தான்; சட்டம் ஜீவனத் தொழிலையும் அந்தச் சொல்லுக்குள் வைத்திருக்கிறது. வணிகம் அல்லது தொழில் வருமானம் என்ற தலைப்பிலேயே அது வரும். சிலர் இதர வருமானம் என்ற தலைப்பில் போடுகிறார்கள். வருடம் முழுக்க 38 பேருக்கு ஒழுங்காக வகுப்பு நடத்துபவருக்கு அது பொருந்தாது.

6 சதவீதக் கதவு

இன்னொரு பிரிசம்ப்டிவ் திட்டம் இருக்கிறது: 44ஏடி, சிறு வணிகர்களுக்கானது. இதில் ரொக்க வரவுக்கு 8 சதவீதம், வங்கி, யுபிஐ போன்ற வழியில் வரும் வரவுக்கு 6 சதவீதம் குறைந்தபட்ச லாபம். இவருடைய எண்களை இதில் போட்டால் 1,50,000 ரூபாய்க்கு 12,000, 8,50,000 ரூபாய்க்கு 51,000, மொத்தம் 63,000 ரூபாய் வருமானம்! அக்கம்பக்கத்தில் டியூஷன் எடுக்கும் ஒருவர் இப்படித்தான் போடுகிறார் என்று கேள்விப்பட்டு, அதையும் கேட்டார்.

இந்தத் திட்டம் டியூஷனுக்குப் பொருந்துமா என்பதில் இரண்டு கருத்து உண்டு. 44ஏடி பிரிவு விலக்குவது பட்டியலில் உள்ள தொழில்களையும் கமிஷன், ஏஜென்சி வருமானத்தையும்தான். டியூஷன் விலக்கப்படவில்லை, எனவே பொருந்தும் என்பது ஒரு கருத்து. துறையின் குறியீட்டுப் பட்டியலில் கல்விச் சேவைகளுக்குக் கீழே `Coaching centres and tuitions` என்று ஒரு வரி இருப்பதையும் இவர்கள் காட்டுவார்கள். பிரிவு பேசுவது வணிகத்தைப் பற்றி, தன் படிப்பையும் திறமையையும் மட்டுமே நம்பி வகுப்பெடுப்பவர் செய்வது வணிகம் இல்லை என்பது எதிர்க்கருத்து.

என் பார்வையில் அமைப்பைப் பார்க்க வேண்டும். இடம் வாடகைக்கு எடுத்து, நாலைந்து ஆசிரியர்களைச் சம்பளத்துக்கு வைத்து, விளம்பரம் செய்து நடத்தும் பயிற்சி மையம் வணிகம்தான். அது 44ஏடியில் போவதில் எனக்குத் தயக்கம் இல்லை. வீட்டு முன்னறையில் தானே நின்று பாடம் நடத்தும் ஒருவரை அங்கே கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை.

வாதத்துக்குப் பொருந்தும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 63,000 என்று எழுதுவது சரியில்லை. பிரிவின் வாசகம் 8 அல்லது 6 சதவீதம், அல்லது அதைவிடக் கூடுதலாக ஈட்டியதாகச் சொல்லும் தொகை என்று போகிறது. சதவீதம் ஒரு தரைமட்டம். மளிகைக்கடைக்கு அது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கலாம்; கையில் கிட்டத்தட்ட எல்லாமே லாபமாக நிற்கும் டியூஷனுக்கு இல்லை. வருடத்துக்கு 63,000 ரூபாய் சம்பாதித்தவர் மாதம் 12,000 ரூபாய் வாடகை எப்படிக் கொடுத்தார், சேமிப்புக் கணக்கில் எப்படி மீதி இருந்தது என்று கேட்டால் பதில் வேண்டும். வாடகை மட்டுமே 1,44,000 ரூபாய்.

மேலும், 44ஏடியில் ஒருமுறை நுழைந்தால் ஐந்து வருடக் கட்டுப்பாடு உண்டு. இடையில் ஒரு வருடம் அந்தத் திட்டப்படி லாபம் காட்டாமல் வெளியேறினால், அடுத்த ஐந்து வருடம் திரும்ப முடியாது. அந்தக் காலத்தில் மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயம். பத்து லட்சம் வரவுள்ள ஒரு டியூஷன் ஆசிரியைக்குத் தணிக்கைச் சுமை தேவையில்லாத வேலை.

உண்மைச் செலவை வைத்துப் போட்ட கணக்கு

ஆக மிஞ்சியது சாதாரண வழி: ஐடிஆர்-3 படிவம், உண்மையான வரவு, உண்மையான செலவு. செலவைக் கழிக்க வேண்டும் என்ற அவருடைய ஆசை நிறைவேறும் இடமும் இதுதான். ஒவ்வொரு செலவும் தொழிலுக்காக ஆனது என்று காட்டத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

வாடகைக்கு அவர் 60,000 போட்டிருந்தார். வீடு 600 சதுர அடி, வகுப்பு நடக்கும் முன்னறை 120 சதுர அடி. அந்த அறையில் பலகை, பெஞ்சு தவிர வேறெதுவும் இல்லை, வீட்டு உபயோகம் கிடையாது. குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதியைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால் அந்தப் பகுதிக்கு உரிய விகிதம்தான் கழிக்கலாம் என்பது 38ஆம் பிரிவு. ஐந்தில் ஒரு பங்கு, 28,800 ரூபாய். அதே அறையில் இரவில் பிள்ளைகள் படுத்துத் தூங்கினால் இந்தப் பங்கையும் குறைக்கச் சொல்லியிருப்பேன்.

மின்சாரம், இணையத்துக்கு அவர் கழித்த 24,000 வீட்டின் முழு பில். வகுப்பு நேரத்தையும் ஆன்லைன் வகுப்பையும் பார்த்து 9,000 எடுத்தோம். ஜெராக்ஸ், பேப்பருக்கு 30,000 என்று மனக்கணக்கு. பில்லும் ஜிபே பதிவும் 22,000 ரூபாய்க்குத்தான் கிடைத்தது, அதை மட்டும் வைத்தோம். திருத்தித் தரும் மாணவிக்கு மாதம் 3,000 வீதம் யுபிஐயில் போனது தெளிவாக இருந்தது: 36,000. மடிக்கணினி வகுப்புக்கு மட்டுமே பயன்படுகிறது, 180 நாளுக்கு மேல் பயன்பாட்டில் இருந்தது. 40 சதவீதத் தேய்மானம் 16,000.

மொத்தச் செலவு 1,11,800. லாபம் 8,88,200 ரூபாய். சேமிப்புக் கணக்கு வட்டியை இங்கே சேர்க்கவில்லை. அந்த நிதியாண்டின் புதிய முறை விகிதத்தில் 7 லட்சம் வரை 20,000, மீதி 1,88,200 ரூபாய்க்கு 10 சதவீதம் 18,820. செஸ் சேர்த்தால் 40,370 ரூபாய். டிடிஎஸ் 24,000 போகப் பாக்கி 16,370. முன்கூட்டிய வரி கட்டாததற்கு 234பி, 234சி பிரிவுகளில் வட்டி சுமார் 2,100 ரூபாய்.

24,000 ரூபாய் வரும் என்று காத்திருந்தவரிடம் 18,500 ரூபாய் அளவில் கட்டச் சொல்வது சுலபமில்லை. ஆனாலும் ரீஃபண்ட் கணக்குக்கு வருவதற்கு முன்பே அவர் என்னிடம் வந்தது நல்லதாகப் போயிற்று. 2025 டிசம்பர் 31 வரை திருத்திய படிவம் போட 139(5) பிரிவு இடம் கொடுத்தது. சுயமதிப்பீட்டு வரியைக் கட்டி, ஐடிஆர்-4 இருந்த இடத்தில் ஐடிஆர்-3 போட்டோம். இதைத் துறை முதலில் கண்டுபிடித்திருந்தால், குறைத்துக் காட்டியதற்கு அந்த வரியில் 50 சதவீதமும், தவறான விவரம் என்று முடிவு செய்தால் 200 சதவீதமும் அபராதம் வரை போகும். வரவிலேயே செலவைக் கழித்ததும், ரொக்கத்தை விட்டதும் அப்படிப்பட்ட இடத்துக்கு மிகவும் பக்கம்.

இந்த வழியில் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத தொழிலுக்கு, முந்தைய மூன்று ஆண்டில் ஏதாவது ஒன்றில் வருமானம் 2.5 லட்சத்தையோ வரவு 25 லட்சத்தையோ தாண்டியிருந்தால் அது கட்டாயம். பயப்படத் தேவையில்லை. மாணவர் பெயர், மாதம், தொகை, ரொக்கமா யுபிஐயா என்று ஒரு வரவு நோட்டு. செலவுக்கு ஒரு நோட்டும் பில்களும். ரொக்கம் வாங்கும் அன்றே எழுதிவிடச் சொன்னேன், ஏனென்றால் வங்கி அறிக்கையில் பிறகு தேடிப் பிடிக்க முடியாதது அது ஒன்றுதான். தணிக்கை தேவையில்லை, வரவு அதற்கான வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. ஜிஎஸ்டியும் அப்படித்தான்: தனியார் டியூஷனுக்கு விலக்கு கிடையாது, ஆனால் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு.

அடுத்த ஆண்டுக் கணக்கு

2025-26 நிதியாண்டுக்கு இதே எண்களை வைத்துப் பார்த்தபோது அவர் முகம் மாறியது. புதிய முறையில் தள்ளுபடி இப்போது 12 லட்சம் வருமானம் வரை. அதே 8,88,200 ரூபாய் லாபத்துக்கு வரி 28,820 வரும், முழுவதும் 87ஏ தள்ளுபடியில் போய்விடும். உண்மையான லாபத்தை ஒரு ரூபாய் குறைக்காமல் எழுதினாலும் வரி பூஜ்யம், பிடித்த 24,000 ரூபாயும் திரும்ப வரும். பாதியைக் காட்டுவதா, 6 சதவீதமா என்று தேடி அலைவதில் இந்த வரவு அளவில் ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை, சிக்கல் மட்டும்தான்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பழைய பிரிசம்ப்டிவ் பிரிவுகள் அதில் 58ஆம் பிரிவுக்குள் ஒன்றாக வந்திருக்கின்றன. எண்கள் மாறுவதால் பழைய பிரிவைச் சொல்லும் யூடியூப் விளக்கங்களை வைத்துப் படிவம் நிரப்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு எல்லையை மட்டும் அவர் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாணவர் எண்ணிக்கை கூடி லாபம் 12 லட்சத்தைத் தாண்டினால் தள்ளுபடி நின்றுவிடும். தாண்டிய தொகை கொஞ்சமாக இருந்தால் அந்தக் கூடுதல் தொகை அளவுக்கு மேல் வரி வராதபடி ஒரு சலுகை உண்டு, அதற்கு மேல் முழு வரி. அந்த வருடம் ஜூன் 15இலிருந்தே முன்கூட்டிய வரியைத் தவணை தவணையாகக் கட்ட வேண்டியிருக்கும். சாதாரண வழியில் கணக்குப் போடுகிறவருக்கு மார்ச் 15இல் ஒரே தவணையாகக் கட்டும் வசதி கிடையாது.